வார்டு வார்டாகச் சுற்றும் கைகள்

2003-ஆம் வருஷம் மார்ச் மாதத் தொடக்கத்தில், ஹாங்காங்கிலுள்ள பிரின்ஸ் ஆப் வேல்ஸ் ஆஸ்பத்திரியின் 8-ஏ வார்டில் வாலிபர் ஒருவர் காய்ச்சலும் இருமலுமாக வந்து படுத்தார். சாதாரண நிமோனியா என்றே எல்லோரும் எண்ணினார்கள். மூச்சுக் குழாய் விரிவதற்காக, மருந்தைப் புகை போலாக்கி முகத்தில் செலுத்தும் நெபுலைஸர் தினந்தோறும் அவருக்கு வைக்கப்பட்டது. அவரைப் பிடித்திருந்ததோ அதுவரை பெயர்கூட வைக்கப்படாத ஒரு புது நோய். பிறகுதான் உலகம் அதை 'ஸார்ஸ்' என்று அழைத்தது. அந்த மாதம் 25-ந் தேதிக்குள், அந்த ஒரு வார்டிலிருந்து கிளம்பிய நோய் 138 பேரை அதே ஆஸ்பத்திரியில் படுக்கையில் தள்ளிவிட்டது.

அந்த 138 பேர் யார் யார் என்ற கணக்கு வைத்திய உலகில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. டாக்டர்கள் 20 பேர், நர்ஸுகள் 34 பேர். மருத்துவ மாணவர்கள் 16 பேர். மற்றவர்கள் நோயாளிகளும் பார்க்க வந்தவர்களும். இவர்களுக்கு நடுவே, பலர் கண்ணில் படாத ஒரு எண் இருக்கிறது. டாக்டரும் அல்லாமல் நர்ஸும் அல்லாமல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் துணை மருத்துவப் பணியாளர்கள் 15 பேர்.

எக்ஸ்ரே எடுப்பவர், பிஸியோதெரபி செய்பவர் போன்ற தொழில்களெல்லாம் இந்தத் 'துணை' என்ற வார்த்தைக்குள் அடங்கியவை. நோயாளியின் உறவினருக்கு இவர்களுடைய பெயர் தெரியாது. வருவார்கள், பத்து நிமிஷம் இருப்பார்கள், போய்விடுவார்கள். ஆனால் கிருமியின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இவர்களைப் போல் வசதியான வாகனம் வேறு கிடையாது. ஒரு நர்ஸ் பெரும்பாலும் தம்முடைய வார்டிலேயே இருக்கிறார். எக்ஸ்ரே டெக்னீஷியனோ சக்கரம் வைத்த இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு, காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு குழந்தைகள் வார்டு, பிறகு எலும்பு முறிவு வார்டு என்று ஆஸ்பத்திரி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். அவருடைய கைகளும் சுற்றுகின்றன. இயந்திரத்தின் கைப்பிடியும் சுற்றுகிறது.

இந்தத் தொழிலுக்குப் படிக்கும் மாணவர்களுக்குத் தொத்து நோய்த் தடுப்பை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

யாருக்காக எழுதிய பாடம்?

பாடம் இல்லாமல் இல்லை. எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. நமது மத்திய சுகாதார அமைச்சகமே 2020-ல் ஆஸ்பத்திரிகளுக்கான தொத்துத் தடுப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மாணவன் கையில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் நர்ஸுகளுக்காக எழுதப்பட்டவை. ஊசி போடுவது, சிரையில் குழாய் ஏற்றுவது, சிறுநீர்க் குழாயைப் பராமரிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். எக்ஸ்ரே மாணவன் ஊசி போடுவதில்லை. அவன் நாள் முழுதும் கட்டிப் புரளும் இயந்திரத்தைப் பற்றியோ, நோயாளியின் முதுகுக்குக் கீழே செருகும் தட்டைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இராது. 'உபகரணங்களைச் சுத்தமாக வைக்கவும்' என்ற ஒரே வாக்கியத்தில் அவனுடைய தொழில் முழுவதும் முடிந்துவிடும். அவன் அதைப் படித்துப் பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கிவிடுவான். மறுநாள் வார்டுக்குப் போனால் எந்த இடத்தில் எந்தக் கையைக் கழுவ வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

2009-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டி, கையைச் சுத்தம் செய்ய வேண்டிய சமயங்கள் ஐந்து என்று வகுத்தது. நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்யவேண்டிய சிகிச்சைக்கு முன், இரத்தம், சளி முதலியவை பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைத் தொடாவிட்டாலும் அவரைச் சூழ்ந்த கட்டில், மேஜை, போர்வை இவற்றைத் தொட்ட பின். ஸ்பிரிட் கலந்த திரவமானால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். ஸோப்பும் தண்ணீருமானால் நனைப்பது முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி ஆகும்.

இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்வது கடினமல்ல. ஆனால் எக்ஸ்ரே மாணவனுக்கு முதலும் கடைசியும்தான் உயிர்நிலை. அதிலும் ஐந்தாவது சமயம் அவன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நோயாளியைத் தொட்டால் தொட்டதாக நினைவிருக்கிறது. கட்டில் கம்பியைத் தள்ளியது யாருக்கு நினைவிருக்கும்? உலர்ந்த கம்பியிலும் துணியிலும் சில கிருமிகள் நாட்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்கின்றன.

இருவர் எடுக்கும் ஒரு படம்

நல்ல ஆசிரியர்கள் பாடத்தை விதிகளிலிருந்து தொடங்குவதில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை அடி அடியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். அதற்கு மிகவும் ஏற்றது, படுக்கையிலேயே நோயாளியைக் கிடத்தி எடுக்கும் மார்பு எக்ஸ்ரே. எழுந்து வரமுடியாதவர்களுக்கும் தனியறையில் வைக்கப்பட்டவர்களுக்கும் எடுப்பது அது.

தனியறையில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மருந்துக்கு எளிதில் மசியாத கிருமி அவருடைய புண்ணில் இருக்கிறது, இருமலும் இருக்கிறது. எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருவரும், பயிற்சி மாணவன் ஒருவனும் இயந்திரத்துடன் போகிறார்கள்.

முதல் வேலை, கதவில் தொங்கும் அட்டையைப் படிப்பது. தொடுதலால் பரவுவதா, இருமல் துளியால் பரவுவதா, காற்றிலேயே மிதந்து பரவுவதா என்பதை அந்த அட்டை சொல்லும். தொடுதல் என்றால் கையுறையும் மேலங்கியும். துளி என்றால் அத்துடன் சாதாரண அறுவை முகமூடி. காசநோய், தட்டம்மை, சின்னம்மை போலக் காற்றில் மிதப்பதானால் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகமூடி. அட்டையைப் படிக்காமல் உள்ளே போய்விட்டுப் பிறகு 'ஐயோ' என்று திரும்புகிறவன், அதற்குள் இயந்திரத்தையும் உள்ளே கொண்டுபோயிருப்பான்.

இரண்டாவது வேலை வெளியிலேயே நடக்கிறது. படம் பதியும் தட்டைப் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயை மடித்துவிடுகிறார்கள். நோயாளியின் பெயர், எண், கதிரின் அளவு எல்லாவற்றையும் இயந்திரத்தில் முன்கூட்டியே பதிந்து விடுகிறார்கள். உள்ளே போன பிறகு விசைகளைத் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக. ஈயக் கவசத்தை முதலில் அணிந்து, அதன் மேல்தான் மேலங்கி போட வேண்டும். மாற்றிப் போட்டால் கழுவமுடியாத ஈயக் கவசத்தில் கிருமி ஒட்டிக்கொள்ளும். அது அன்றைக்கே வேறொருவர் தோளில் ஏறும். பிறகு முகமூடி, கண்ணாடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கையுறை.

இப்போது இருவரும் தங்களுக்குள் ஒரு பாகப் பிரிவினை செய்து கொள்கிறார்கள். ஒருவர் 'சுத்தக் கை'. மற்றவர் 'அழுக்குக் கை'. இதில் உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை. சுத்தக் கை இயந்திரத்தை மட்டுமே தொடும். நோயாளியையோ கட்டிலையோ திரைச்சீலையையோ தொடாது. அழுக்குக் கை நோயாளியை மட்டுமே கவனிக்கும். இயந்திரத்தின் மேல் ஒரு விரல்கூட வைக்காது. ஆட்டம் முழுவதும் இந்த ஒரே விதிதான்.

அழுக்குக் கையான மாணவன் பெரியவரிடம் சென்று பெயரைக் கேட்டு, கையிலுள்ள பட்டையோடு ஒத்துப் பார்க்கிறான். "ஐயா, கொஞ்சம் முன்னால் சாயுங்கள், முதுகுக்குக் கீழே ஒரு பலகை வைக்கிறேன்" என்கிறான். உறையிட்ட தட்டை வைத்து, தலையணையைச் சரி செய்து, கட்டில் கம்பியை இறக்குகிறான். டெக்னீஷியன் குழாயைத் திருப்பி, ஒளிச் சதுரத்தை மார்புக்கு நேராக நிறுத்துகிறார். சதுரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இங்கேதான் கோளாறு நேரும். மாணவனுக்குக் கை துறுதுறுக்கிறது. இயந்திரத்தை எட்டிப் பிடித்து ஒரு அங்குலம் நகர்த்திவிடலாம் போலிருக்கிறது. நகர்த்தினால் அதுவரை இருவரும் பட்ட பாடு அத்தனையும் பாழ். வாயால் சொல்ல வேண்டும்: "சார், இன்னும் சற்று இடப் பக்கம்." நோயாளி கோணலாகக் கிடந்தால் டெக்னீஷியனும் அப்படியே: "தம்பி, அவரை உன் பக்கமாகக் கொஞ்சம் இழு."

"மூச்சை நன்றாக இழுங்கள் ஐயா, அப்படியே பிடித்துக் கொள்ளுங்கள்." படம் எடுத்தாயிற்று.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். மாணவன் தட்டை உருவி எடுக்கிறான். உறையின் வெளிப்புறம் அழுக்கு, உள்ளே இருக்கும் தட்டு சுத்தம். அவன் உறையின் வாயை வெளிப்புறமாக மடித்து விரித்துப் பிடிக்க, டெக்னீஷியன் உறையில் படாமல் தட்டை மட்டும் உள்ளிருந்து எடுக்கிறார். தபால்காரர் கையிலிருந்து கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உறையை அவரிடமே விட்டுவிடுவது போல. இதை முதல் தடவையே சரியாகச் செய்யும் மாணவன் அபூர்வம். ஆகையால் வகுப்பில் பழைய தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு பலமுறை பழக வேண்டும். உறையில் போட்டிருந்தாலும் தட்டைக் கிருமிநாசினியால் துடைக்கத்தான் வேண்டும். உறையில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் இருக்கலாம் அல்லவா?

கழற்றுவதில் வரிசை இன்னும் முக்கியம். மிகவும் அழுக்கானது கையுறை; அது முதலில் கழல்கிறது. கையுறையின் வெளிப்புறத்தைக் கையுறையாலேயே பிடித்து உரிக்க வேண்டும். இரண்டாவதை உரிக்கும்போது வெறும் விரலை உட்புறமாக நுழைத்து உரிக்க வேண்டும். பிறகு கண்ணாடி. பிறகு மேலங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி. என்-95 முகமூடியானால் அறையைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகே எடுக்கலாம். காற்றில் மிதக்கும் கிருமி கதவு சாத்தும் வரை அங்கேயே இருக்கிறது. முகமூடியை முன்புறம் தொடாமல் பின்புற நாடாவைப் பிடித்து எடுக்க வேண்டும். நடுவே எப்போதாவது கையில் அழுக்குப் பட்டதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திக் கையைச் சுத்தம் செய்துகொண்டு தொடர வேண்டும். கடைசியிலும் கை சுத்தம். கையுறைகளும் பிளாஸ்டிக் உறையும் சிவப்புப் பைக்குப் போகின்றன. முகமூடி மஞ்சள் பைக்கு. இந்த நிறப் பாகுபாடு 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி நாடு முழுவதும் ஒன்றே.

இயந்திரம் பாக்கி இருக்கிறது. கைப்பிடி, படம் எடுக்கும் பொத்தான், அதன் சுருள் கம்பி, குழாயின் தலை, ஒளிச் சதுரத்தைக் குறுக்கும் குமிழ்கள் இவற்றைத் துடைத்துவிட்டுக் கடைசியில்தான் சக்கரத்தின் பக்கம் போக வேண்டும். சக்கரத்தைத் துடைத்த துணி மறுபடி மேலே வரக்கூடாது. இன்னொன்று: கிருமிநாசினி தடவிய உடனே உலர்ந்த துணியால் பளபளவென்று துடைத்துவிடுவது பலருக்குப் பழக்கம். பார்க்க அழகாயிருக்கும், கிருமி சாகாது. அந்தப் பரப்பு எத்தனை நிமிஷம் ஈரமாக இருக்க வேண்டும் என்று புட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறது. அதுவரை ஈரம் இருக்க வேண்டும். அவசரம் என்றால் சீக்கிரம் வேலை செய்யும் வேறு கிருமிநாசினியை ஆஸ்பத்திரி வாங்கட்டும். நேரத்தைத் திருடக் கூடாது.

இருட்டறைப் பரீட்சை

இத்தனையும் சொல்லிக் கொடுத்த பிறகு மாணவன் சரியாகச் செய்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிருமி கண்ணுக்குத் தெரியாதே!

இதற்கு ஒரு சுலபமான தந்திரம் உண்டு. அல்ட்ரா வயலெட் விளக்கொளியில் மட்டும் ஒளிரும் களிம்பு ஒன்று கிடைக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது. ஆசிரியர் அதை ஒரு பொம்மை நோயாளியின் தோளிலும், போர்வையிலும், கட்டில் கம்பியிலும் தடவி வைத்துவிடுவார். மாணவர்கள் இரண்டு பேர் முன் சொன்னபடி படம் எடுப்பார்கள், கழற்றுவார்கள், கை கழுவுவார்கள். பிறகு ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போடுவார்கள்.

அப்போது தெரியும் வேடிக்கை. பொத்தானில் ஒரு விரல் அடையாளம். குமிழில் இரண்டு. இவை எதிர்பார்த்தவைதான். ஆனால் மாணவனின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் மின்மினி போல ஒளிரும்.

"நான் அதைத் தொடவே இல்லையே, சார்!"

"நீ தொடவில்லை, தம்பி. நீ குனிந்தபோது அது போய்ப் பொம்மையைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. மேலங்கிக்குள் போட்டுக் கொண்டாயா?"

கண்ணாடியின் காதுப் பட்டை, சட்டைப் பையிலுள்ள பேனா, கைபேசி என்று ஒவ்வொன்றாகத் தெரியும். கழுவிய கையை விளக்கின் கீழ் நீட்டினால் உள்ளங்கை சுத்தமாயிருக்கும். கட்டை விரலும், விரல் நுனிகளும், விரல் இடுக்குகளும் ஒளிரும். இங்கிலாந்தில் 1978-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி, நர்ஸுகள் கை கழுவும்போது விட்டுவிடும் இடங்கள் பெரும்பாலும் இவையே என்று காட்டியிருக்கிறது. அத்தனை வருஷமாகியும் கட்டை விரலின் அதிர்ஷ்டம் மாறவில்லை. மோதிரத்தின் அடியிலும் களிம்பு ஒளிந்திருக்கும்.

இந்தப் பரீட்சையின் பெருமை, ஆசிரியர் ஒருவரையும் கண்டிக்க வேண்டியதில்லை என்பது. விளக்கே சொல்லிவிடுகிறது. அதே சமயம் இதற்கு ஒரு எல்லை உண்டு. அதையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். களிம்பு கிருமி அல்ல. அது பெருகாது, சாகாது. கை எங்கே எங்கே போயிற்று என்பதை மட்டும்தான் காட்டும். ஸ்பிரிட் திரவம் கிருமிகளைக் கொன்றிருந்தாலும் களிம்பு அப்படியே ஒளிர்ந்து கொண்டிருக்கலாம். ஆகவே இதைத் தொடுதலின் வரைபடமாகக் கொள்ளலாமே தவிர, கிருமியின் கணக்காகக் கொள்ளக் கூடாது.

கையுறையைப் பற்றிய மயக்கமும் இந்த விளக்கில்தான் தெளிகிறது. கையுறை போட்டவனுக்குத் தன் கை சுத்தமாக இருக்கிறது என்ற தைரியம் வந்துவிடுகிறது. சுத்தமாக இருப்பது அவன் கைதான். கையுறையின் வெளிப்புறம் அல்ல. அதே கையுறையோடு வராந்தாவில் இயந்திரத்தைத் தள்ளி, லிப்டின் பொத்தானை அமுக்குகிறவனைப் பல ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு, அடுத்து லிப்டில் ஏறுகிறவரிடம் விஷயத்தை ஒப்படைக்கிறான். உரிக்கும்போது கையில் படுவதும், நுண்ணிய ஓட்டை விழுவதும் சகஜம். ஆகையால்தான் கையுறையைக் கழற்றிய பின் கை சுத்தம் அவசியமாகிறது.

ஸ்பிரிட் திரவத்துக்கும் எல்லா நோயும் அடங்குவதில்லை. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் 'கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்ற கிருமி, விதை போன்ற கெட்டியான கூட்டுக்குள் ஒளிந்து கொள்ளும். ஸ்பிரிட்டால் அந்தக் கூட்டை ஒன்றும் செய்ய முடியாது. அந்த நோயாளியைத் தொட்டு வந்தால் ஸோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. அவை கொல்வதில்லை, அடித்துக்கொண்டு போகின்றன.

கையே கருவி

இனி பிஸியோதெரபி மாணவியின் பக்கம் வருவோம். 'சுத்தக் கை, அழுக்குக் கை' என்ற பாகப் பிரிவினை இவளிடம் செல்லாது. இவளுடைய கையே கருவி. இயந்திரத்தை ஒருவர் தொட, நோயாளியை மற்றவர் தொட என்று பிரித்துக் கொள்ள வழி இல்லை. எக்ஸ்ரே மாணவன் நோயாளியோடு சில நிமிஷம் இருந்தால், இவள் அரை மணி நேரம் இருக்கிறாள். தோளில் கை கொடுத்துத் தூக்குகிறாள், முழங்காலை மடக்குகிறாள், நோயாளி தடுமாறினால் தன் உடம்போடு சேர்த்துத் தாங்கிக் கொள்கிறாள். சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ, கடிகாரமோ அந்த அரை மணியில் எத்தனை முறை படும் என்று எண்ணிப் பார்க்க முடியுமா? முழங்கைக்குக் கீழே வளையல், கடிகாரம், மோதிரம் ஒன்றும் வேண்டாம், நகம் வெட்டியிருக்க வேண்டும் என்ற விதி இவளுக்குத்தான் மிகவும் பொருந்துகிறது.

எக்ஸ்ரே மாணவனுக்கு ஒரு நோயாளிக்கு ஒரு இயந்திரம். அதைத் துடைத்தால் முடிந்தது. இவளுக்கோ பிஸியோதெரபிக் கூடத்தில் எல்லோருக்கும் பொதுவான இணைக் கம்பிகள், நடை பழகும் சட்டம், மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி, தசைப் பயிற்சிப் பட்டை, உறைத் துணியில் சுற்றிய வெந்நீர் ஒத்தடப் பை என்று பெரிய சம்சாரம். பிளாஸ்டிக்கைத் துடைக்கலாம். துணியும் வெல்க்ரோ ஒட்டும் பட்டையும் துடைத்துச் சுத்தமாகிறவை அல்ல. அவற்றை வெளுக்கப் போட வேண்டும், அல்லது ஒரு நோயாளிக்கு ஒன்று என்று ஒதுக்கிவிட வேண்டும். பாடக் குறிப்பில் இந்தச் சாமான்களின் பட்டியலும் எதை எப்படிச் செய்வது என்ற விவரமும் இல்லையென்றால், அந்தக் குறிப்பு பிஸியோதெரபிக் கூடத்துக்காக எழுதப்பட்டதல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

இவற்றில் மிகவும் சாதுவாகத் தோன்றுவது அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்குத் தடவும் ஜெல். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது, வாசனைகூட இல்லை. ஆனால் அதில் தண்ணீர் நிறைய இருக்கிறது. ஈரத்தில் வளரும் கிருமிக்கு அது நல்ல வயல். 2021-ல் ஒரு தொழிற்சாலையின் ஜெல்லில் 'பர்க்கோல்டேரியா' என்ற வகைக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டு, அமெரிக்காவில் நோயாளிகள் சிலருக்கு இரத்தத்திலேயே பரவியிருந்தது. அந்த நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தொழிற்சாலையின் ஜெல் எதையும் உபயோகிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. தொழிற்சாலையிலேயே கெட்டுப் போவதை மாணவி தடுக்க முடியாது. ஆனால் கூடத்தில் கெட்டுப் போவதைத் தடுக்கலாம். பெரிய டப்பாவிலிருந்து சிறு புட்டியில் ஊற்றுகிறார்கள். கால் புட்டி மீதமிருக்கும்போதே மேலே நிரப்புகிறார்கள். அடியில் கிடக்கும் பழைய ஜெல் வெளியேறுவதே இல்லை. புதியதை ஊற்ற ஊற்றப் பழையது அதற்கும் தன் கிருமியைப் பங்கு கொடுக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஆகவே புட்டி காலியானால் தூக்கி எறிய வேண்டும். திறந்த தேதியை அதன் மேல் எழுத வேண்டும். மூக்கு நோயாளியின் தோலில் படாமல் சற்று உயரத்தில் பிடித்துப் பிழிய வேண்டும். புண் உள்ள இடத்துக்கும் சளிச் சவ்வுக்கும் ஒரு முறை மட்டும் உபயோகிக்கும், கிருமி நீக்கிய சிறு பொட்டலம் தனியாக உண்டு.

சளியை வெளிக்கொண்டுவரும் மார்புப் பயிற்சி மற்றொரு அபாயக் கட்டம். 'நன்றாக இருமுங்கள்' என்று சொல்வதே அங்கே சிகிச்சை. ஹாங்காங் வார்டில் பரவியதற்கு நெபுலைஸரும் ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாமென்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். மூச்சை விசையோடு வெளியே தள்ளவைக்கும் எந்த வேலைக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். பழக்கமில்லாத மாணவி நோயாளியின் முகத்துக்கு நேரே நின்றுதான் உற்சாகப்படுத்துவாள். பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். மூடியுள்ள குவளையும் காகிதக் கைக்குட்டையும் நோயாளியின் கையில் முன்பே இருக்க வேண்டும். காசநோய் என்ற சந்தேகம் இருந்தால் பொது வார்டின் நடுவே இந்த வேலையே கூடாது. காற்றோட்டமுள்ள தனி இடம் தேவை. என்-95 முகமூடி தேவை. முகமூடி அணிந்ததும் இரண்டு கைகளாலும் மூடிப் பலமாக மூச்சுவிட்டு, ஓரத்தில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். தாடி உள்ள மாணவனுக்கு அது பொருந்தாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்குக் காலையில் வார்டு வாசலில் சொல்லிப் பயனில்லை.

தனி ஆள் இரவு

புத்தகத்தில் இருவர் படம் எடுக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குப் பல ஆஸ்பத்திரிகளில் இருப்பது ஒரே ஒருவர்தான். இதைப் பற்றிப் பேசாத பாடத்தை மாணவன் பயிற்சி முடிந்த முதல் மாதமே மூட்டை கட்டி வைத்துவிடுவான். ஆகவே இதற்கும் வகுப்பிலேயே ஒரு ஒத்திகை வேண்டும்.

முதல் வழி, வார்டு நர்ஸை அழுக்குக் கையாக இருக்கக் கேட்பது. "சிஸ்டர், தட்டை மட்டும் நீங்கள் வைத்து எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்க வெட்கப்படக் கூடாது. அவரும் ஈயக் கவசம் அணிய வேண்டும், அல்லது படம் எடுக்கும் நொடியில் தூரப் போய்விட வேண்டும் என்பது மறக்கக் கூடாத விஷயம். அவருக்கும் கை ஒழியவில்லை என்றால் இரண்டாவது வழி. இயந்திரத்தை முதலிலேயே உத்தேசமாக நிறுத்தி, குழாயை உத்தேசமாகத் திருப்பிவிட வேண்டும். பிறகு நோயாளியிடம் போய்த் தட்டை வைக்க வேண்டும். திரும்பி வரும்போது கையுறையைக் கழற்றி, கையில் ஸ்பிரிட் திரவம் தேய்த்து, புதுக் கையுறை போட்டுக்கொண்டு இயந்திரத்தைத் தொட வேண்டும். படம் எடுத்த பிறகு அதே கையுறையுடன் நோயாளியிடம் போய்த் தட்டை உருவலாம். உறையோடு அதை ஓரத்திலுள்ள மேஜையில் வைத்து, மேஜையிலேயே உறையின் வாயை மடித்து விட்டு, மறுபடி கையுறை மாற்றிக் கையைச் சுத்தம் செய்த பிறகு தட்டை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். தட்டையும் மேஜையையும் துடைக்க வேண்டும். ஆக ஒரு படத்துக்கு மூன்று ஜோடிக் கையுறை, நேரமும் அதிகம்.

வகுப்பில் இதைப் பரீட்சையாக வைக்கும்போது ஆசிரியர் ஒரு காகிதத்தில் இரண்டு கட்டங்கள் போட்டுக் கொள்வார். ஒன்றில் 'நோயாளியின் பக்கம்', மற்றொன்றில் 'இயந்திரத்தின் பக்கம்'. மாணவன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. தாண்டுமுன் கையைச் சுத்தம் செய்திருந்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. நேரத்தையும் குறித்துக் கொள்வார். கடைசியில் அந்தக் காகிதத்தை மாணவனிடமே கொடுத்து, புள்ளி இல்லாத கோடுகள் எந்த இடத்தில் விழுந்தன, அங்கே அவன் கையில் அப்போது என்ன இருந்தது என்று எழுதச் சொல்வார்.